குழி எந்தப் பக்கம்?

அவளுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஏனம்மா. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் வந்த பெயர். பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலைக்குப் போன பிறகு, "பாத்திரம், ஏனம் கழுவுறவளுக்கு ஏனம்மான்னு பேரு, பொருத்தம் பாத்தியா!" என்று புருஷன் ஒருநாள் சிரித்தான். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அந்தப் பெயரை முதலில் வைத்தவள் அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. பிறகு ஏனம்மா தோழியின் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டாள், கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. தோழி படித்துக் கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் நடத்துகிறாள். வீட்டுக்கு அவள் டீச்சரம்மா. வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிடுவாள், ஆனால் பேசுவதெல்லாம் நீ, வா, போதான். அண்ணிக்கும் அதில் புகார் இல்லை.

புகார் வேறு இடத்தில் இருந்தது. விட்ட படிப்பை ஏனம்மா தனித்தேர்வராக மறுபடியும் தொட்டு, எல்லாத் தாளையும் முடித்துவிட்டாள். உயிரித் தொழில்நுட்பம் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. இந்தத் தடவையும் போனால் பதிவே காலாவதியாகிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தேறினால் பரிசோதனைக் கூடத்தில் உதவித் தொழில்நுட்பர் இடம் அவளுக்குத்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் குடுவைகள் இருக்கவே இருக்கின்றன. அவற்றைக் கழுவ அவளைவிட நல்ல ஆள் கிடையாது என்றும் அவரே சொன்னார். அந்தப் பாராட்டை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"உனக்கு விஷயம் தெரியாம இல்ல அண்ணி. ஒரு கேள்வியில போய் உக்காந்துக்கிற. ஏன், எதுக்குன்னு யோசிச்சுட்டே இருந்தா மணி அடிச்சிடுது" என்றாள் டீச்சரம்மா, சமையலறை மேசையில் பழைய கேள்வித்தாள்களைப் பரப்பிக்கொண்டே. "இந்த வாரம் நான் சொல்றத எழுது. வாயை மூடு, பேனாவைத் திற."

"சரிங்க டீச்சரம்மா."

"கிண்டல் வேண்டாம். முதல் குறுவினா. பிசிஆர் முறையில் ஒரு மரபணு நகலெடுக்கப்படும் படிகளை எழுதுக. சொல்லு."

"பிரிதல், ஒட்டுதல், நீளுதல்." ஏனம்மா விரல் விட்டாள். "எங்க வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கு. பிரியறது, ஒட்டறது, அப்புறம் நீண்டுகிட்டே போறது."

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "வெப்பநிலை சொல்லு, அதுக்கு மார்க்" என்றாள்.

"தொண்ணூத்தி நாலு டிகிரியில சூடு பண்ணா டி.என்.ஏ.வோட ரெண்டு இழையும் பிரியும். ஐம்பத்தஞ்சு கிட்ட ஆற விட்டா, பிரைமர்ங்கிற குட்டித் துண்டுங்க ரெண்டு இழையிலயும் அததோட இடத்துல போய் ஒட்டும். எழுபத்திரெண்டுல நொதி வந்து பிரைமரோட முனையிலேர்ந்து ஒவ்வொரு எழுத்தா சேத்துக்கிட்டே போகும். ஒரு சுத்து முடிஞ்சா ஒண்ணு ரெண்டாகும். அடுத்த சுத்துல நாலு, அப்புறம் எட்டு."

"சபாஷ். அடுத்தது, எந்த நொதி?"

"டாக் பாலிமரேஸ். ஏன் அது மட்டும்?"

"பாத்தியா, ஆரம்பிச்சுட்ட."

"கேள்வியே அதுதான் டீ! நாலு வருஷத்துக்கு முந்தின தாள்ல இருக்கு, பாரு." ஏனம்மா தாளை நீட்டினாள். கேள்வி அப்படியே இருந்தது. டீச்சரம்மா தேநீரை ஒரு மிடறு குடித்தாள். வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் நொதி அது, தொண்ணூற்றிநாலு டிகிரியிலும் கெடாது, சாதாரண நொதி என்றால் ஒவ்வொரு சுற்றிலும் வெந்துபோகும், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஊற்ற வேண்டியிருக்கும் என்று ஏனம்மாவே சொல்லி முடித்தாள்.

அடுத்த நாள் ஜெல். அதில்தான் வந்தது வம்பு. டீச்சரம்மா ஒரு வெள்ளைத் தாளில் பெட்டி வரைந்து, உள்ளே சிறு கோடுகள் போட்டாள்.

"இது ஜெல். அகரோஸ்னு ஒரு பொடி, கடல்பாசியிலேர்ந்து வர்றது. தாங்கல் கரைசல்னு ஒரு உப்புத் தண்ணியில கொதிக்க வெச்சு, தட்டுல ஊத்தி, ஒரு சீப்பை நிறுத்திட்டா இறுகினப்புறம் சீப்பை எடுத்த இடத்துல குழி குழியா இருக்கும். குழியில டி.என்.ஏ.வைப் போட்டு மின்சாரம் குடுத்தா துண்டுங்க அளவுவாரியாப் பிரியும். படம் குடுத்து எது சிறுசுன்னு கேப்பான். மேலே பெருசு, கீழே சிறுசு. அவ்வளவுதான். என் கிளாஸ்ல எல்லாருக்கும் இதுதான் மந்திரம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க."

ஏனம்மா வாயை மூடிக்கொண்டாள். பேனாவையும் திறந்தாள். "மேலே பெருசு, கீழே சிறுசு" என்று எழுதினாள். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் முள் சிக்கியவள் போல அவள் விழிப்பதைப் பார்த்து டீச்சரம்மா பெருமூச்சு விட்டாள்.

"கேட்டுத் தொலை."

"ஏன் கீழே போகுது? கனமா இருந்தாதானே கீழே போகணும்? பெருசுதானே கனம்?"

"அது கீழே விழல அண்ணி. ஜெல் நிக்காது, படுத்திருக்கும். தொட்டியில படுக்க வெச்சு மேல தண்ணி மாதிரி கரைசல் ஊத்தியிருக்கும். படத்துலதான் நாம நிமித்தி வரையறோம்."

"அப்போ எது தள்ளுது?"

"மின்சாரம்தான். டி.என்.ஏ.வோட முதுகெலும்புல பாஸ்பேட் இருக்கு, அதுக்கு எதிர்மின்னூட்டம். அதனால மைனஸ் குறி போட்ட எதிர்முனைப் பக்கம் குழி வெப்போம். நேர்முனை அதை இழுக்கும். ஜெல்லுக்குள்ள வலை மாதிரி நுணுக்கமான துளை. சின்னத் துண்டு சுலபமா நுழைஞ்சு தூரமாப் போயிடும். பெருசு சிக்கிச் சிக்கி, குழி பக்கத்துலயே நிக்கும்." சொல்லச் சொல்ல டீச்சரம்மாவின் குரல் மாறியது. கைகள் இரண்டும் மேசைமேல் ஓடின, ஒன்று வேகமாக, ஒன்று தடுக்கித் தடுக்கி. "அப்புறம் எத்திடியம் புரோமைடு சாயம் ஏத்தி, புற ஊதா ஒளியில பாத்தா ஆரஞ்சு நிறத்துல பட்டை பட்டையா தெரியும். சாயம் இல்லாம சும்மா பாத்தா ஒண்ணும் தெரியாது. நான் மொதல்ல பாத்தப்ப அழுதுட்டேன் தெரியுமா? அவ்வளவு அழகு."

"இதையெல்லாம் கிளாஸ்ல சொல்லுவியா?"

"எங்கே நேரம்? பாடத்தை முடிக்கணும், பழைய தாளைப் போடணும். பத்து வருஷத் தாள்லயும் குழி மேலேதான் இருக்கு. மந்திரம் போதும்."

ஏனம்மா தான் எழுதிய வரியை அடித்தாள். அதன் கீழே, "குழிக்குப் பக்கம் பெருசு, குழிக்குத் தூரம் சிறுசு" என்று எழுதினாள். டீச்சரம்மா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு வார்த்தைக்குப் பதிலா ஒரு பாரதம்! உன்னால நேரத்துக்கு முடிக்கவே முடியாது அண்ணி."

அது உறைத்தது. முடிக்க முடியாது என்பதைத்தான் இரண்டு தடவையும் முடிவுத் தாள் சொல்லியிருந்தது. அன்றைக்கு ஏனம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

தேர்வு டீச்சரம்மாவின் கல்லூரியிலேயே நடந்தது. அவளுடைய மாணவர்களும் அதே தாளைத்தான் எழுதினார்கள். ஏனம்மா கடகடவென்று எழுதினாள். பிரிதல், ஒட்டுதல், நீளுதல், வெப்பநிலை, நொதி எல்லாம் ஓடி வந்தன. இந்தத் தடவை தப்பித்துவிட்டோம் என்று நினைக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது.

ஜெல்லின் படம். மேலே 'அ' என்று ஒரு பட்டை, கீழே 'ஆ' என்று ஒரு பட்டை. எது சிறிய துண்டு, காரணம் தருக. ஐந்து மதிப்பெண். மந்திரம் தானாக வந்து பேனா முனையில் உட்கார்ந்தது. 'ஆ' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். சுற்றிலும் எல்லோரும் பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது. அவளால் முடியவில்லை. குழி எங்கே என்று தேடினாள். மேலே இல்லை. பெட்டியின் அடியில், பக்கத்தில் ஒரு கழித்தல் குறியோடு, சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது.

பேனாவைக் கீழே வைத்தாள். அச்சுப் பிழையோ? பத்து வருஷமும் மேலே இருந்த குழி இந்த வருஷம் ஏன் கீழே? கடிகாரம் ஓடியது. மேசைமேல் ஓடிய நாத்தனாரின் இரண்டு கைகளும் நினைவுக்கு வந்தன. நேர்முனையை நோக்கி, வேகமாக ஒன்று, தடுக்கித் தடுக்கி ஒன்று. குழிக்குத் தூரத்தில் இருந்தது மேலே உள்ள பட்டைதான்; 'அ' என்று எழுதினாள். காரணம் நான்கு வரி எழுதினாள். கடைசிக் கேள்வியில் பாதியில் இருக்கும்போது மணி அடித்துவிட்டது.

வெளியே வாசலில் டீச்சரம்மாவைச் சுற்றி மாணவர்கள் மொய்த்திருந்தார்கள்.

"மேடம், படக் கேள்வி சூப்பர்! மேலே பெருசு, கீழே சிறுசு. கண்ண மூடிட்டு எழுதினோம்!"

"எல்லாரும் அதேதானே?" என்றாள் டீச்சரம்மா பூரிப்போடு.

"எல்லாரும், மேடம்!"

ஏனம்மாவின் கால் அங்கேயே நின்றுவிட்டது. இத்தனை பேர் தப்பாக எழுதுவார்களா? கூட்டம் கலைந்த பிறகு அவள் மெதுவாக வந்து, "நான் 'அ'ன்னு எழுதிட்டேன் டீ" என்றாள். "கடைசிக் கேள்வியும் பாதிதான். நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. மூணாவது தடவையும் போச்சு."

"'அ'வா? ஏன் அண்ணி, மந்திரத்தைக்கூடவா..." என்று டீச்சரம்மா அவள் கையிலிருந்த கேள்வித்தாளைப் பிடுங்கினாள். பார்த்தாள். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி நேராகத் திருப்பினாள். அவள் முகத்திலிருந்து அந்தப் பூரிப்பு இறங்கிப்போனது.

"நீ எழுதினதுதான் சரி" என்றாள்.

ஏனம்மாவுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, வந்த வேகத்திலேயே அடங்கியது. தெருக்கோடியில் அந்த மாணவர்கள் சிரித்துக்கொண்டே பேருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குச் சொன்னேன்" என்றாள் டீச்சரம்மா. கண் நிறைந்திருந்தது. "நீ துளைச்சுத் துளைச்சுக் கேட்டதால சொன்னேன். அவங்க யாரும் கேக்கல. கேக்க நான் விடல."

ஏனம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்தே வீடு வந்தார்கள்.

முடிவு வந்த அன்று ஏனம்மா தேறியிருந்தாள், மயிரிழையில். அந்த ஐந்து மதிப்பெண் இல்லாவிட்டால் தேறியிருக்க மாட்டாள். டீச்சரம்மாவின் மாணவர்களும் தேறிவிட்டார்கள், ஆனால் ஒருவருக்கும் அந்த ஐந்து கிடைக்கவில்லை. சிலருக்கு அதனால் மேற்படிப்பு இடமே கைநழுவியது. டீச்சரம்மா மாலையில் வந்தாள். ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு, "அண்ணி, இனிமே உன்னை ஏனம்மான்னு கிண்டல் பண்ண மாட்டேன்" என்றாள்.

"ஏன்?" என்றாள் ஏனம்மா.