மறுபடி அனுப்பு

சுரங்க ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக ஒரு கம்பெனி செயலி செய்திருந்தது. அதைச் சோதித்துப் பார்ப்பது பெனடிக்டின் வேலை. செல்போனுக்கு வரும் ஓடிபியை அடித்தால்தான் உள்ளே போக முடியும். சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்து ஊர் ஆட்களில் பாதிப்பேர் பெண்டாட்டி நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஷிப்டில் இருப்பவன் வீட்டுக்குப் போன் போட்டு எண்ணைக் கேட்டாக வேண்டும். அதையும் சோதிக்க வேண்டுமல்லவா? பெனடிக்ட் தன் மனைவி அன்னமேரியின் நம்பரைப் போட்டான். அவள் இருப்பது குவைத்தில், ஆஸ்பத்திரி நர்ஸ். ஊர் சிம்மை இன்னும் வைத்திருந்தாள்.

சாக்குதான், வேறென்ன. "சாப்ட்டியா", "ம்", "தூங்கு" என்று அவர்கள் பேச்சு வற்றிப்போய் வெகு நாளாகிவிட்டது. தனியாக இருந்து இருந்து அவனுக்குச் சுவரோடு பேசும் பழக்கமே வந்துவிட்டது. இப்போது அவளுடைய இடைவேளையில் ஓடிபி போகும், உடனே அவள் கூப்பிடுவாள்.

முதல் எண் கடல் தாண்டிப் போவதற்குள் மூன்று நிமிடக் கெடு முடிந்து செல்லாமல் போனது. 'மறுபடி அனுப்பு' என்று அழுத்தினான். புது எண் வந்ததும் பழையது செத்தது. மூன்று தடவைக்கு மேல் அனுப்பச் செயலி மறுத்தது. எல்லாம் சரி. ஆனால் ஒரு கோளாறு. தொடர்ந்து மூன்று தப்பு அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் 'மறுபடி அனுப்பு' அழுத்தினால் தப்புக் கணக்கு பூஜ்யமாகிவிடுகிறது. ஊகித்து அடிக்கிற திருடனுக்கு அத்தனை வாய்ப்பு கூடுதல்.

எழுதிக் கொடுத்தால் திருத்திவிடுவார்கள், வேலை முடியும், போனும் நிற்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். இருந்தாலும் எழுதிக் கொடுத்தான்.

திருத்தி வந்ததும் கடைசிச் சோதனை. இரண்டு தப்பு அடித்தான். மறுபடி அனுப்பினான். அன்னமேரி நிதானமாக எண்ணைச் சொன்னாள். வேண்டுமென்றே கடைசி இலக்கத்தை மாற்றி அடித்தான். பூட்டு விழுந்தது.

"நான் சரியாத்தானங்க சொன்னேன்?"

"சரிதான் மேரி. தப்பா அடிக்கிறதுதான் டெஸ்ட். இனிமே நம்பர் வராது, வேலை முடிஞ்சிது."



"இத்தினி நாளா பிரேக்குல சாப்பிடாம போனையே பாத்துக்கினு இருந்தங்க. நாளைக்கி கூப்ட்டா என்னா பேசறதுன்னு தெரியல. நம்பர் இருந்தா அதயாவது சொல்லிக்கினு இருப்பேன்."

அவளுக்கும் அது சாக்குத்தான் என்று அவனுக்கு இதுவரை தெரியாது.

"ஏதாவது ஒரு நம்பர் சொல்லேன்," என்றான்.

"நாலு… ஒண்ணு… ஏழு…" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவன் எதையும் அடிக்கவில்லை.