பூனைக் கட்டுரைக்கு எத்தனை மார்க்?

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் புது வாத்தியார் ஒரு கட்டுரைக்கு இருபதுக்குப் பத்தொன்பது போட்டார். மறுபார்வை பார்த்த தலைமைத் திருத்துநர் அம்மாள் அதைப் பதினொன்றாகக் குறைத்தார்.

"மேடம், இந்தக் கட்டுரையில நூலகத்துப் பூனை கண்ணு முன்னாடி நடக்குதே!"

"அதுக்குத்தான் மொழிக்கு எட்டுக்கு எட்டு, அமைப்புக்கு நாலுக்கு மூணு குடுத்தேன். ஆனா கேள்வி என்ன சார்? விடுமுறையில நூலகத்தைத் திறக்கணுமா, ரெண்டு காரணம் சொல்லுன்னு. கருத்துக்கு ரெண்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் மூணு. அழகா இருக்குன்னு அந்த எட்டை நாம அள்ளிக் குடுக்க முடியாது."

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. மதிப்பீட்டுக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடினார். கடைசிப் பத்தியில் துள்ளி எழுந்தார்.

"இங்க பாருங்க! 'வீட்டில் படிக்க இடமில்லாத நாங்கள் விடுமுறையன்று பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறோம். எங்களுக்காகவும் திறக்க வேண்டும்.' கருத்தும் இருக்கு, காரணமும் இருக்கு!"

அம்மாள் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"அட, பூனையையே பாத்துட்டு இதைக் கோட்டை விட்டுட்டேனே!" என்று அஞ்சு மார்க் கூட்டிப் பதினாறு போட்டார். "ரெண்டாவது காரணம்?"

"நல்லா தேடிட்டேன் மேடம். மிச்சமெல்லாம் பூனைதான்."

கூடமே சிரித்தது.