எல்லோரும் இருந்தும் நடக்காத கூட்டம்

சட்டம் படித்தவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. வரப்போவது முன்கூட்டியே தெரியும், தடுக்கத்தான் வழி இருக்காது. சேலத்தில் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்யும் சுஜாதாவை அந்தச் சாபம் நன்றாகவே பிடித்திருந்தது.

ஏற்காட்டில் லாட்ஜ் நடத்தும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் சட்ட வேலைகளெல்லாம் அவள் தலையில்தான். வருடக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் கெடு தவறாமல் அரசுத் தளத்தில் ஏற்றுவாள். போர்டு கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே நோட்டீஸ் அனுப்பி, பஸ் ஏறி வந்து, பேசியதை மினிட்ஸாக எழுதுவாள். இயக்குநர்கள் மூன்றே பேர். கம்பெனியைத் தொடங்கிய சையத் இப்ராஹிம், அவர் எடுத்து வளர்த்த தம்பி மகன் அஜ்மல், பழைய கூட்டாளியின் மகன் சின்னராஜ்.

பிள்ளையில்லாத இப்ராஹிம் தன் பங்குகளை எல்லாம் அஜ்மலுக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். இயக்குநர் பதவி மட்டும் போதும் என்றார். லாட்ஜுக்குப் பின்னால் வேலையாட்களின் குடும்பங்கள் குடியிருக்கின்றன. இயக்குநர்கள் அத்தனை பேரும் ஒப்பினால்தான் நிலத்தை விற்கலாம் என்று கம்பெனி விதிகளில் அவர் எழுத வைத்திருந்தார். அவர் போர்டில் இருக்கும்வரை அந்தக் குடும்பங்களை யாரும் அசைக்க முடியாது.

அப்புறம் அவர் மனைவி ரஹமத் பீவி பக்கவாதத்தில் படுத்தார். மனிதர் ஏற்காட்டை ஒட்டிய வெள்ளக்கடையில் இருந்த வீட்டை விட்டு நகரவில்லை. சின்ன கம்பெனிக்கு வருடத்தில் இரண்டு போர்டு கூட்டம் போதும். இரண்டுக்கும் அவர் வரவில்லை. வராவிட்டால் என்ன? கூட்டம் முடிந்ததும் அஜ்மலும் சின்னராஜும் வண்டியெடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார்கள். டீ குடித்தபடி எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள், அவரும் யோசனை சொல்வார். விடுப்பு கொடுத்ததாக மினிட்ஸிலும் இருக்கிறது. இனி என்ன குறை என்று மூவருமே நம்பினார்கள்.

சுஜாதா உடைத்தே சொன்னாள். பன்னிரண்டு மாதத்தில் நடந்த எல்லாப் போர்டு கூட்டத்துக்கும் ஒருவர் வராமல் போனால், விடுப்பு கேட்டிருந்தாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, பதவி தானாகப் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து பேசியது எதற்கும் ஆகாது. கெடுவுக்குள் இன்னொரு கூட்டம் போடுங்கள், அதை அவர் வீட்டிலேயே வையுங்கள் என்றாள். சீசன் முடியட்டும் என்றான் சின்னராஜ். அதற்குள் பீவியைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் கொண்டுவருவதுமாக நாள் ஓடியது. தள்ளித் தள்ளி, அவர் வீட்டிலேயே கூட்டம் என்று கெடுவின் கடைசி நாளுக்குத்தான் நோட்டீஸ் போயிற்று.

அன்று காலை சுஜாதா அடிவாரத்தில் பஸ் ஏறும்போது போன் வந்தது. ரஹமத் பீவி உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டார்.

அவள் வெள்ளக்கடையில் போய் இறங்கியபோது வீட்டு வாசல் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மூன்று இயக்குநர்களும் அங்கேயே இருந்தார்கள். நோட்டீஸில் போட்ட அதே நாள், அதே இடம். கூட்டம் தொடங்கியது என்று ஒரு வார்த்தை, வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேண்டும். பதிவேடு அவள் பையில் இருந்தது. உள்ளே மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இப்ராஹிம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் முன்னால் பேனாவை நீட்ட எந்தக் கை வரும்? சுஜாதாவுக்கு வரவில்லை. ஜனாஸா அடக்கத்துக்குப் புறப்பட்டது, பொழுதும் சாய்ந்தது, கெடுவும் முடிந்தது.

மறு வாரம் அவள் அஜ்மலையும் சின்னராஜையும் லாட்ஜில் பார்த்தாள். இன்னும் வழி இருக்கிறது, நீங்கள் இருவரும் தீர்மானம் போட்டால் அவரை மறுபடி கூடுதல் இயக்குநராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். பெரியவர் ஓய்வெடுக்கட்டும் என்றான் சின்னராஜ். நிலத்துக்கு ஆள் பார்த்தாயிற்று என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. அவள் அஜ்மலைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான்.  தீர்மானம் போடுவது போர்டின் வேலை, அவள் அதில் ஓட்டில்லாதவள். பதவி காலியானதை முப்பது நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவிப்பதுதான் அவள் வேலை.

தாக்கல் செய்யும் முன் அவளே போய் இப்ராஹிமிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு நாங்க மூணு பேரும் இங்கதான கண்ணு இருந்தோம்?"

"இருந்தீங்க பாய். கூட்டம் நடக்கலீங்க."

"நடந்ததா எழுதிக்க முடியாதா?"

"பொய்யாயிருங்க. உங்க பேர்ல பொய் எழுத என்னால முடியாதுங்க."

அவர் தலையாட்டினார். அதில் அவருக்குக் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திரும்பச் சேர வழி உண்டா என்று கேட்டார். உண்டு, மற்ற இருவரும் மனசு வைக்க வேண்டும் என்றாள்.

"அஜ்மலுக்கு இது தெரியுமா சாமி?"

சுஜாதா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியுங்க பாய்."

அவர் எழுந்துபோய், பீவி படுத்திருந்த கட்டிலில் கலையாமல் கிடந்த விரிப்பை மறுபடி சரிசெய்தார்.

"அப்பச் சரி. அனுப்பிருங்க," என்றார்.