செவ்வாய்க்கிழமைப் பலகை

ஜொய்சிக்குப் பகலில் ஒரு வேலை, வேலை முடிந்த பிறகு இன்னொரு வேலை. பகலில் றக்வானைக்கு மேலே உள்ள கலுகந்தைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். நாலரைக்குப் பிறகு அவள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். இந்த இரண்டாவது ஜொய்சியை லிங்க்ட்இன்னில்தான் ஊருக்குத் தெரியும். தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் அவளும் இருந்தாள்.

பெயர் எடுக்க வேண்டுமென்றால் வாரம் தவறாமல் எழுத வேண்டும் என்று அவள் ஒரு அட்டவணை போட்டிருந்தாள். வியாழக்கிழமை, ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக மொழிபெயர்த்து எது ஏன் சரி என்ற விளக்கம். வெள்ளிக்கிழமை, வாசகர்களுக்கு ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமைதான் திருவிழா: எங்காவது கண்ட பெயர்ப்பலகைத் தமிழின் அலங்கோலம், படத்தோடு. மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எழுதி, கடிகாரப் படத்தைத் தட்டி, நாளும் நேரமும் குறித்துவிடுவாள். பிறகு அவளுடைய போன் அணைந்து கிடந்தாலும் குறித்த நேரத்தில் பதிவு தானாக ஏறிவிடும். வார நாட்களில் மாலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வந்த கருத்துகளுக்குப் பதில் போடுவதோடு சரி.

இந்த அட்டவணைக்குப் பசி அதிகம். அந்த ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்க்குப் போட ஒரு படமும் கையில் இல்லை. எஹலியகொட பஸ் நிலையப் பலகையைப் போட்டாயிற்று, குருவிட்ட பேக்கரியையும் போட்டாயிற்று. அப்போதுதான் சாத்தான் அவள் காதில் ஓதினான். முதல்நாள்தான் அவர்களுடைய தொழிற்சாலை வாசலிலேயே புதுப்பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். சிங்களத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லியிருந்தது. அதற்குக் கீழே தமிழில்:

‘கால்களைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.’

இதை விட மனசு வருமா? தோட்டத்தின் பெயர் தெரியாமல் படத்தை வெட்டினாள். ‘கழற்றிய கால்களை எங்கே வைப்பது என்றும் எழுதியிருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்தாள். அதற்குக் கீழே வழக்கம்போல் தன் பெயரையும் தொழிலையும் போட்டாள். செவ்வாய் காலை எட்டரைக்குக் குறித்துவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னப் போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பிடித்த மழை விடிய விடியக் கொட்டியது. எங்கோ மரம் சாய்ந்து கரண்ட் போனது. டவரும் செத்துப்போனது. செவ்வாய் காலை அவள் அலுவலகத்துக்குள் கால் வைத்ததும், தொழிற்சாலைப் பொறுப்பாளர் ரணவீர ஐயா புதுச்சட்டையில் நின்றார்.

“ஜொய்சி, இன்றைக்கு ஹெட் ஒபீஸிலிருந்து பாஹிமா மிஸ் வருகிறார்,” என்றார் சிங்களத்தில். “தரப் பரிசோதனை. ஒன்பது மணிக்குள் வந்துவிடுவார்.”

பாஹிமா ஜொய்சியின் செவ்வாய்க்கிழமைப் பதிவுகளின் பரம ரசிகை. போன வாரம்கூட ‘இன்னும் போடுங்க, சிரிச்சு முடியல்ல’ என்று எழுதியிருந்தார். இரத்தினபுரியிலிருந்து வரும் வழியில் வண்டியில் உட்கார்ந்து இன்றைய பதிவை வாசிப்பார். பிறகு இங்கே வந்து, படத்தில் தெரிகிற அதே பச்சைக் கதவுக்கு முன்னால், அதே பலகைக்குக் கீழே குனிந்து சப்பாத்தைக் கழற்றுவார்! அந்தப் பக்கத்தில் பெயரும் முகமும் போட்டிருப்பவள் யாரென்று அதோடு தெரிந்துவிடும்.

பதிவை ரத்துச் செய்யலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் அதற்கு இணைப்பு வேண்டுமே. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் அலைந்தாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் படிக்கட்டில் ஏறிப் பார்த்தாள். ஒரு கோடுகூட வரவில்லை. மணி எட்டு தாண்டிவிட்டது. றக்வானைக்குப் பஸ் பிடித்தாலும் நேரம் போதாது.

பதிவைத் தடுக்க முடியாது. சரி, பலகையையாவது திருத்தலாமே!

பொதி அறைக்கு ஓடினாள். தேயிலைப் பைகளில் தோட்டத்தின் பெயரும் இலக்கமும் குத்தும் இருளப்பன் அங்கே கறுப்பு மையைக் கலக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பலகையை எழுதியதும் அவர்தான்.

“அண்ணே, வாசல் போர்ட்ட நீங்கதானே எழுதுனீங்க?”

“ஆமா புள்ள. ஐயா போன்ல ஏதோ தட்டி, வந்ததப் பார்த்து எழுதச் சொன்னாரு. எழுதுனேன்.”

“காலக் கழட்டச் சொல்லியிருக்கே. வாசிக்கலயா நீங்க?”

“வாசிக்காம என்னா? சிரிச்சுக்கிட்டேதான் எழுதுனேன். யாராச்சும் கேப்பாங்கன்னு பாத்தேன். மூணு நாளாச்சு, நீதான் மொத ஆளு.”

“பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு வாங்க அண்ணே. ஏன்னு பொறகு சொல்றேன்.”

‘கால்களை’ என்பதைக் ‘காலணிகளை’ ஆக்க வேண்டும். ஜொய்சி பிளேடால் ல்-லின் தலையிலிருந்த புள்ளியைச் சுரண்டினாள். இருளப்பன் இடையில் ஒரு ணி-யைச் செருகப் பார்த்தார். இடம் போதவில்லை. கடைசியில் அதை வரிக்கு மேலே தூக்கி வைத்தார். கூரைமேல் ஏறி உட்கார்ந்த பூனை மாதிரி இருந்தது அந்த ணி. அது காய்வதற்குள் வண்டி முற்றத்தில் திரும்பிவிட்டது. இருளப்பன் பிரஷ்ஷோடு மாயமானார்.

பாஹிமா இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். கையில் போன். கதவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார்.

“புதுப் பலகையா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஆமாம் மிஸ், நானே முன்னின்று போட்டது,” என்றார் தமிழ் வாசிக்கத் தெரியாத ரணவீர, நெஞ்சை நிமிர்த்தி.

பாஹிமா கிட்டே போய் ணி-யை விரலால் தொட்டார். விரல் கறுத்தது. மெதுவாகத் திரும்பினார். ஜொய்சி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவளுடைய விரல்களும் கறுப்புத்தான்.

“ரொம்பக் கெட்டிக்காரத்தனம்,” என்றார் பாஹிமா ரணவீரவிடம். “பிழையை இவ்வளவு வேகமாகத் திருத்துகிற இடத்தை நான் பார்த்ததில்லை.”

என்ன பிழை, யார் திருத்தியது என்று ரணவீரவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பாராட்டைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். “அது எங்கள் பழக்கம், மிஸ்,” என்றார்.

பாஹிமா குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது ஜொய்சிக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: “காலயும் கழட்டணுமா மகள், இல்ல இது போதுமா?”

“போதுங்க மிஸ்,” என்றாள் ஜொய்சி.

மத்தியானம் டவர் உயிர்த்தது. பதிவுக்குக் கீழே சிரிப்பு வழிந்தது. இதுவரை எந்தச் செவ்வாய்க்கும் இவ்வளவு வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே கேகாலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: ‘பலகையைப் பிறகு பார்ப்போம் தங்கையே. உங்கள் பதிவின் கடைசி வரியில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு ப் குறைகிறது.’

பார்த்தாள். குறையத்தான் செய்தது. ஊரார் தமிழைக் கிண்டல் செய்யப்போய், தன் தொழிலின் பெயரையே ஒற்று விழுங்கி எழுதியிருந்தாள். எழுத்தைத் திருத்தி, ஆசிரியருக்கு நன்றி போட்டாள். பதிவில் ஏறிய படத்தை மாற்ற முடியாது. அதனால் பூனை உட்கார்ந்த புதுப்பலகையைப் படம் எடுத்து, ‘இன்று காலை திருத்தப்பட்டது’ என்று கருத்தில் சேர்த்தாள்.

பாஹிமாவின் செய்தி சாயங்காலம் வந்தது. கம்பனியின் மற்றத் தொழிற்சாலைகளிலும் பலகைகள் இப்படித்தான் கிடக்கின்றன; தோட்டத்து மேலாளரான பெரியதுரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டால், வேலை முடிந்த நேரத்தில் தனி வேலையாகச் செய்து கொடுக்கலாம் என்றிருந்தது. ஜொய்சி அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு பொதி அறைக்குப் போய் இருளப்பனுக்கும் வாசித்துக் காட்டினாள்.

“அப்ப எழுதுறது நான்தானே?” என்றார் அவர்.

“நீங்கதாண்ணே. ஆனா இனிமே சிரிப்பு வந்தா எழுதாதீங்க, என்னயக் கூப்புடுங்க.”

வியாழக்கிழமை ரணவீர ஐயா அவள் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். விஷயம் எப்படியோ காதுக்கு எட்டியிருந்தது. ஆனால் கோபத்தைக் காணோம்.

“பாஹிமா மிஸ் லிங்க்ட்இன்னில் என்னைப் பற்றி நல்லதாக எழுதியிருக்கிறாராமே. நானும் அதில் சேர்ந்துவிட்டேன். எனக்கும் வாரத்தில் ஒரு நாள் குறித்துக் கொடு. தலைமைத்துவம் பற்றி எழுதப் போகிறேன்.”

ஜொய்சி நாட்காட்டியைப் பார்த்து நன்றாக யோசிப்பதுபோல் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். லிங்க்ட்இன் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத நேரம் எதுவென்று அவளுக்குத் தெரியும்.

“சனிக்கிழமை சாயங்காலம் போடுங்க ஐயா,” என்றாள் சுத்தமான சிங்களத்தில். “உங்க எழுத்துக்குப் போட்டியே இருக்காது.”