கைமாற்றாகப் போன ஒன்பது பெட்டிகள்

"டெலிவரிப் பட்டியலைக் காட்டுங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைக்கும், எங்கட எல்லைக்குள்ள இறங்கின ஒவ்வொரு பெட்டியும் அதில இருக்க வேணும். யாற்ற கணக்கில இறங்கியிருந்தாலும் சரி."

கம்சாயினி இதை ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஆனாலும் அவளுக்குப் பக்கத்தில் இருந்த அப்பா குலசிங்கம், தமிழில் அடி விழுந்தவர் போலக் கதிரையில் ஒடுங்கினார். ஆக்லாந்தில், எல்லர்ஸ்லியில் இருக்கும் கம்பெனி வாசலில் காரை நிறுத்துமுன்பே அவர் மூன்று தரம் சொல்லியிருந்தார், என்னத்தை வேண்டுமானாலும் கேள் பிள்ளை, அந்த லிஸ்ட்டை மட்டும் கேட்டுப்போடாதை என்று. ஏன் என்று கேட்டதற்கு, தர்மேந்திராவின் முகத்தை முறிக்கக் கூடாது என்றார். முகமாம். ஒன்பது வருடமாக இந்த மனிதர் அடுத்தவன் முகத்தைப் பார்த்துத்தான் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் விற்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் தர்மேந்திரா, கம்பெனியின் பிராந்திய மேலாளர். பிஜியிலிருந்து வந்தவர். பாட்டன் வேலூர்ப் பக்கம் என்று சொல்லிக்கொள்வாரே தவிர, தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. அவர் கம்சாயினியைப் பார்க்கவில்லை. குலசிங்கத்தைப் பார்த்தார்.

"குலா, இது உங்களுக்கும் வேணுமா?"

குலசிங்கம் வாயைத் திறக்குமுன் அவள் ஒப்பந்தத்தைப் புரட்டி விரலை வைத்தாள். இலக்கு எட்டவில்லை என்று கம்பெனி நோட்டீஸ் கொடுத்தால், எல்லைக்குள் நடந்த டெலிவரி முழுவதையும் பார்க்க டீலருக்கு உரிமை உண்டு. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே விருப்பத்துக்கு இடமில்லை.

நோட்டீஸ் வந்து ஒன்பது வேலை நாள் ஆகியிருந்தது. எழுத்தில் ஆட்சேபிக்கப் பத்து நாள்தான் அவகாசம். பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து ஒனிஹங்கா வரைக்கும் அவர்களுடைய எல்லை. அதற்குள் கம்பெனி வேறு டீலரைப் போடக் கூடாது, தானும் நேரே விற்கக் கூடாது. அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு நாற்பது பெட்டி ஹீட் பம்ப் அவர்கள் வாங்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு காலாண்டு எண்பது வீதத்துக்கு, அதாவது முப்பத்திரண்டுக்குக் கீழே போனால், அறுபது நாள் அவகாசத்தில் டீலர்ஷிப்பை முடித்துவிடலாம். முதல் காலாண்டு முப்பத்தொன்று. அடுத்தது இருபத்தேழு. முதலாவதில் ஒரேயொரு பெட்டி கூடியிருந்தால் இந்த நோட்டீஸே வந்திருக்காது. அந்த ஒரு பெட்டி அவளை இரண்டு கிழமையாகத் தூங்க விடவில்லை.

தர்மேந்திரா அதற்கு மாற்றாக ஒரு கடிதம் அடித்து வைத்திருந்தார். டீலர்ஷிப் இருக்கும், எல்லை மட்டும் போகும். நவம்பர் முதலாம் திகதியிலிருந்து ஒனிஹங்காவில் யாரும் விற்கலாம். அந்த 'யாரும்' யார் என்று அவளுக்குத் தெரியும். அங்கே புதிதாகத் திறக்கப்போகும் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடை. அது வந்தால், இவர்கள் வாங்கும் விலைக்கே அந்தக் கடைக்காரன் விற்பான். ஆறு மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டு அப்பா எங்காவது டெலிவரி வான் ஓட்டப் போக வேண்டியதுதான்.

வேறு வழியில்லாமல் தர்மேந்திரா தொலைபேசியை எடுத்து ஷீத்தலிடம் சொன்னார். சுருக்கம் போதும் என்றார். விநியோகப் பிரிவில் வேலை செய்யும் ஷீத்தல் ஐந்து நிமிடத்தில் வந்தாள். கையில் இருந்தது சுருக்கமல்ல, எல்லாக் கட்டங்களோடும் மூன்று தாள். சிஸ்டத்தில் சுருக்கம் எடுக்க வழி இல்லை என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள்.

கம்சாயினி தேடியது இரண்டாம் தாளிலேயே கிடைத்தது. ஆகஸ்ட் பத்தொன்பது, ஒனிஹங்கா, நெல்சன் தெருவில் கட்டுகிற அடுக்குமாடி, பதினொரு பெட்டி. கணக்கு: கம்பெனி நேரடி. அந்தக் கட்டடத்தின் முன்னால் பெட்டிகள் மழையில் நனைந்துகொண்டு கிடந்ததை அவளே கண்டிருந்தாள்.

"இது பதினொன்று. எங்கட எல்லைக்குள்ள நீங்கள் நேரே வித்தது. அப்படி வித்தால் அது எங்கட இலக்கில சேரும் என்று நாலாம் பிரிவு சொல்லுது. இருபத்தேழும் பதினொன்றும் முப்பத்தெட்டு. நோட்டீஸ் செல்லாது."

தர்மேந்திரா மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சாவகாசமாகப் பேனாவின் பின்பக்கத்தால் முதலாம் தாளைத் தொட்டு, இதையும் வாசித்துப் பாருங்கள் என்றார்.

மே, ஜூன் மாதங்கள். பிளாக்ஹவுஸ் பேயில் ஒன்பது பெட்டி, ஒன்பது வீடு. கணக்கு எண் அவர்களுடையதல்ல. ஹென்டர்சன் பகுதி டீலர், அப்பாவின் சிநேகிதர் யசீகரனுடையது. யசீகரன் மாமா எங்கட எல்லைக்குள் களவாக விற்றிருக்கிறாரா என்று கோபம் தலைக்கேறிய அடுத்த நொடி, விலாசங்கள் கண்ணில் பட்டன. டொனோவன் தெரு, போர்ட்டேஜ் ரோட். இந்த வீடுகளுக்கு விலை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். பொருத்தியது அவர்களுடைய ஆட்கள்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா. இது என்ன?"

"கைமாத்து," என்றார் அவர், மெல்ல, தமிழில்.

பிறகு துண்டு துண்டாக வந்தது. ஆக்லாந்தில் இந்த பிராண்டை விற்கும் தமிழ் டீலர்கள் மூன்று பேர். யாருக்குக் காலாண்டு இலக்கு முட்டவில்லையோ, அவருடைய கணக்கில் மற்றவர்கள் தங்கள் ஓடர் சிலதைப் போட்டு விடுவார்கள். பெட்டி வந்து இறங்குவது இங்கே, எண்ணிக்கை ஏறுவது அங்கே. சீனி, தேங்காய் கைமாற்று வாங்குவது போலத்தான் அவர்களுக்கு இது. எழுத்தில் ஒன்றும் கிடையாது. மே மாதம் யசீகரனின் பொருத்துகிற ஆட்கள் இரண்டு பேரும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு அது இரண்டாவது மோசமான காலாண்டு. ஒன்பது பெட்டி போய்ச் சேராவிட்டால் அன்றைக்கே ஆள் முடிந்தான்.

"நான் பைபாஸ் செய்து கிடக்கேக்க அவன் எனக்குப் பன்னிரண்டு தந்தவன் பிள்ளை. அப்ப நீ கடைசி வருசம் படிச்சுக்கொண்டிருந்தாய்."

அந்தக் காலாண்டு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பரீட்சைக்கு நடுவில் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டு, வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் செருகி, நாற்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்து வீட்டில் அவள் ஆடியிருக்கிறாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, படிப்பால் கடையைக் காப்பாற்றினவள் என்று அப்பா கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதில் பன்னிரண்டு ஹென்டர்சனில் இருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது கன்னம் எரிந்தது. தர்மேந்திராவில் வந்த கோபத்தைவிட இது பெரிதாக இருந்தது.

தமிழ் விளங்காவிட்டாலும் தர்மேந்திராவுக்கு விஷயம் விளங்கியது. அவர் குரலைத் தாழ்த்தி, அனுதாபமாகவே பேசினார். ஒரு டீலர் தன் கொள்முதலை இன்னொருவர் கணக்கில் போடுவது இலக்கைப் பொய்யாகக் காட்டுவது. அதற்கு அறுபது நாள் அவகாசம் கிடையாது. இரண்டு டீலர்ஷிப்பும் அன்றைக்கே முடியும். நீங்கள் அந்தப் பதினொன்றைப் பற்றிப் பேசினால், நான் இந்த ஒன்பதைப் பற்றிப் பேச வேண்டி வரும். கையெழுத்துப் போட்டால் இரண்டையும் மறந்துவிடலாம். பட்டியலும் இங்கேயே இருக்கும்.

குலசிங்கம் பேனாவை எடுத்தார். கடைக்கு அப்பாவும் மகளும் டைரக்டர்கள், இரண்டு கையெழுத்தும் வேண்டும். அவர் தன்னுடையதைப் போட்டு, தாளை மகளின் பக்கம் தள்ளினார்.

"போட்டுவிடம்மா. அவனுக்கு மூண்டு பிள்ளையள். நான் வாய்விட்டுச் சொன்னனான், காட்டிக் குடுக்க மாட்டன் எண்டு."

"எனக்கும் சேர்த்தோ சொன்னனீங்கள்?"

அவர் பேனாவையும் அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

அவள் பேனாவைத் தொடாமல் முதலாம் தாளைத் திரும்பவும் வாசித்தாள். படிப்பு அவளுக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: கோபம் வந்தால் கடைசிக் கட்டம் வரைக்கும் வாசி. ஒரு டீலரின் சரக்கு இன்னொருவர் எல்லைக்குள் இறங்குவதென்றால், பிராந்திய மேலாளர் அனுமதித்தால்தான் லொறி புறப்படும். கடைசிக் கட்டத்தின் பெயர் அதுதான்: அனுமதி. ஒன்பது வரிசையிலும் ஒரே இரண்டு எழுத்து இருந்தது.

"டி.பி. என்றது யார்?"

தர்மேந்திரா நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்.

"ஒன்பது தரம் நீங்கள்தான் விட்டிருக்கிறீங்கள். தெரியாமல் விட்டீங்களா? இல்லை, உங்கட பிராந்தியத்தில ஒரு டீலரும் விழாமல் இருந்தால்தான் உங்களுக்கு போனஸா?"

"கவனமாகப் பேசு," என்றார். அந்தக் குரலில் அனுதாபம் இல்லை. "இருபத்துமூன்று வயதில எல்லாம் தெரியும் என்று நினைக்கக் கூடாது. நான் கையை விட்டால் உன் அப்பாவுக்கு இந்த ஊரில யாரும் பிராண்ட் தர மாட்டார்கள்."

"அவருக்கு இருபத்தாறு வருசமா இந்த ஊரில யாரும் சும்மா ஒண்டும் தரேல்லை."

குலசிங்கம் அவள் கையைப் பிடித்தார். தர்மேந்திரா அவரிடம் திரும்பி, கடைசியாக ஒன்று சொல்கிறேன் என்றார். அந்த ஒன்பது வரிசையும் இல்லாமல் வேறு பட்டியல் ஷீத்தலை அடிக்கச் சொல்லலாம். பதினொன்றை வேண்டுமானால் பிறகு பார்க்கலாம். எல்லை மட்டும் போகட்டும்.

கம்சாயினிக்கு அந்த நொடியில் எல்லாம் தெளிந்துவிட்டது. ஒன்பதை மறைத்தால் இந்த மனிதர் ஒவ்வொரு காலாண்டும் அந்த ஒன்பதைச் சொல்லிச் சொல்லியே கேட்டதை வாங்குவார். இன்றைக்கு எல்லை, நாளைக்கு விலை. காட்டினால் யசீகரன் மாமா விழலாம், அவர்களும் விழலாம். ஆனால் அனுமதித்தவர் தனியே தப்ப முடியாது. எழுத்தில் ஆட்சேபம் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அது முடியும் வரை எல்லையில் யாரும் கை வைக்கக் கூடாது. நாளை மாலை ஐந்து மணி வரை நேரம் இருந்தது.

அவள் மூன்று தாளையும் அடுக்கிக் கோப்புக்குள் வைத்தாள். கடிதத்தை, அப்பாவின் கையெழுத்தோடு, தர்மேந்திராவின் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"பட்டியல் முழுசாப் போகும். மூன்று தாளும். பதினொன்று எங்கட எண்டு எழுதுவன். ஒன்பது எப்படிப் போனது எண்டும் எழுதுவன்."

"பிள்ளை, அவன்..." என்றார் குலசிங்கம்.

"மாமாவுக்கு இப்பவே கோல் எடுக்கிறன் அப்பா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் அனுப்ப மாட்டன். அதுக்குள்ள அவர் தானாப் போய்ச் சொல்லட்டும். சொல்லாட்டியும் நான் அனுப்புவன்."

"அவன் என்னோட இனிக் கதைக்க மாட்டான்."

"ஓம். கதைக்க மாட்டார்."

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். தர்மேந்திரா யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார், எதிர்ப்பக்கம் எடுக்கவில்லை. குலசிங்கம் எழும்பவா, இருக்கவா என்று தெரியாமல் கதிரையின் நுனியில் இருந்தார்.

கம்சாயினி கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். படியில் இறங்கும்போதே யசீகரனின் எண்ணை அழுத்திவிட்டாள்.