விலை மட்டும் பேசாதீங்க

கிராப்பு அண்ணன் தன் முடிவெட்டும் கடையில் பதினோரு வருடமாக ஒரே நாற்காலியை வைத்துப் பிழைத்தவர். தெருவில் பாதித் தலைகள் அந்த நாற்காலியில்தான் குனிந்து நிமிர்ந்திருக்கின்றன. அந்த நாற்காலியைத்தான் இப்போது பதினெட்டாயிரத்துக்கு விற்கப் போகிறார். பழைய சாமான் விற்கும் செயலியில், முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, மிதித்து ஏற்றும் பம்ப் தெரிய ஒன்று என்று மூன்று படம் போட்டிருந்தார்.

புதுச் சேர் முந்தாநாளே வந்து இறங்கிவிட்டது. தலை சாய்க்கும் இடத்தில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. ஆனால் பதினைந்தாயிரம் பாக்கி. இன்று மத்தியானத்துக்குள் கொடுக்காவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று டீலர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் அண்ணனுக்குப் பயம் அதிகம். பேங்கில் இருந்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், அதுவும் கடை வாடகைக்காக எடுத்து வைத்தது. பழைய சேர் போனால்தான் புதுச் சேர் நிற்கும்.

நேற்று ஒருவர் போன் செய்தார். தேன் ஒழுகும் குரல். பேரமே பேசவில்லை.

"பதினெட்டே இருக்கட்டும்ணே. நாளைக்குக் காலையில என் மச்சினிச்சி வருவாங்க. பாவம், வீட்டோட ஒரு பார்லர் ஆரம்பிக்கிறாங்க. காசு நான்தான் போடறேன். அவங்ககிட்ட விலை மட்டும் பேசாதீங்க. இவ்வளவுன்னு தெரிஞ்சா கூச்சப்பட்டு வேணாம்னுடுவாங்க."

இப்படியும் ஒரு அத்தானா என்று அண்ணனுக்கு மனசு நிறைந்துபோனது. தன் மச்சினிச்சிக்கு ஒரு சீப்புகூட வாங்கிக் கொடுத்ததில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

காலை பத்து மணிக்கு அந்தப் பெண் சரக்கு ஆட்டோவோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாக நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார், பம்ப்பை மிதித்தார், மேலே ஏறி உட்கார்ந்தார், சாய்ந்தார், இறங்கிக் குனிந்து அடித்தட்டைத் தட்டிப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் என்று அண்ணனுக்குப் புரிந்தது. புதுச் சேரில் பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்த டியூஷன் வாத்தியார் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வச்சிருக்கீங்கண்ணே" என்றார் அந்தப் பெண்.

"எண்ணெய் போட மறந்ததே இல்லம்மா."

அதோடு பேச்சு நின்றது. வாங்க வந்தவரும் விற்க நிற்பவரும் விலையைத் தவிர எதைப் பேசுவார்கள்? வெயிலைப் பேசினார்கள். ஆட்டோ வாடகை ஏறிப்போனதைப் பேசினார்கள். அந்தப் பெண்ணும் விலைப் பக்கமே போகவில்லை. எவ்வளவு அடக்கமான பெண் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

"அவர் ரொம்ப நல்ல மாதிரிம்மா" என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னார்.

"ஆமாண்ணே, போன்ல தன்மையாத்தான் பேசினாரு" என்றார் அவர்.

பிறகு அந்தப் பெண் வாசல் பக்கம் போய் போனில் பேசினார். "பார்த்துட்டேங்க. நல்லா இருக்கு. சரிங்க, இப்பவே." போனைக் கீழே இறக்கி ஏதோ தட்டினார். டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. பிடித்திருக்கிறது என்று அத்தானுக்குச் செய்தி சொல்கிறார் போல என்று நினைத்தபடி அண்ணன் துண்டை உதறினார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணனின் போனுக்கு ஒரு படம் வந்தது. பச்சை வட்டம், அதற்குள் ஒரு டிக், தேதி, நேரம், நீளமாக ஒரு எண். தொகை இருபத்தெட்டாயிரம். பின்னாலேயே போன் அடித்தது.

"அண்ணே, ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஒண்ணுக்குப் பதிலா ரெண்டை அழுத்திட்டேன். பதினெட்டு போக மீதி பத்தாயிரத்தை இந்த நம்பருக்கே திருப்பிவிட்ருங்க. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய காசு, கொஞ்சம் சீக்கிரம்."

"எனக்கு இன்னும் மெசேஜ் வரலியே தம்பி."

"சர்வர் ஸ்லோண்ணே. இங்க கழிச்சிருச்சு. படத்தைப் பாருங்க, உங்க கடை பேரே இருக்கு பாருங்க."

இருந்தது. அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் இருபத்தெட்டாயிரம். அடுத்தவர் காசு தன் கையில் ஒரு நிமிடம் கூடுதலாக இருந்தாலும் அவருக்கு உடம்பு கூசும். பத்தாயிரம் என்று அடித்தார். ரகசிய எண் கேட்டது. முதல் இரண்டு எண்ணைப் போட்டும் விட்டார்.

இதற்குள் ஆட்டோக்காரர் நாற்காலியைச் சாய்த்து வாசல்வரை உருட்டிவிட்டிருந்தார். அந்தப் பெண் கடைசியாக ஒருமுறை பம்ப்பை மிதித்து அழுத்திப் பார்த்தார். ஒரு விரல் அளவு தானாக இறங்கியது. தொழில் தெரிந்த வாய் சும்மா இருக்குமா.

"பம்ப் லேசா இறங்குதேண்ணே. பதினாலாயிரம் வாங்கிட்டு இதைச் சரி பண்ணாமத் தர்றீங்களே."

அண்ணனின் விரல் நின்றுவிட்டது.

"எந்தப் பதினாலு?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. உங்ககிட்ட விலை பேசக் கூடாதுன்னு உங்க தம்பி சொன்னாரு. உங்களுக்குள்ள ஏதோ பங்குத் தகராறாம்ல."

"எனக்கு ஏதும்மா தம்பி? உங்க அத்தான்தானே எனக்குக் காசு போட்டாரு?"

"எனக்கு ஏதுண்ணே அத்தான்? என் அக்காவுக்குக் கல்யாணமே ஆகல."

அண்ணன் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது.

"படத்தை விடுங்க. கணக்கைத் திறங்க" என்றார் வாத்தியார். "வந்திருக்கா இல்லையான்னு அது சொல்லும்."

அண்ணன் பாதியில் நின்ற பத்தாயிரத்தை விட்டு வெளியே வந்து கணக்கைத் திறந்தார். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். காலையில் இருந்ததுக்கு ஒரு காசு கூடவில்லை. படத்தை மறுபடி பார்த்தார். பணம் பெறுபவர் என்ற இடத்தில் கடைப் பெயர் இருந்தது. இதுவரை யார் போட்டாலும் பேங்கில் கொடுத்த தன் சொந்தப் பெயர்தான் வரும், முதலெழுத்தோடு. கடைப் பெயர் விளம்பரத்தில் மட்டும்தான் இருந்தது. எவனோ அதைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

"எனக்கு வரல" என்றார்.

"எனக்குப் போயிருச்சே" என்றார் அந்தப் பெண்.

அவருடைய போனைக் காட்டினார். அதிலும் ஒரு டிக் இருந்தது. பதினாலாயிரம், முன்பின் தெரியாத ஒரு பெயருக்கு. கணக்கிலும் கழிந்திருந்தது. அவர் பார்த்த விளம்பரத்தையும் காட்டினார். அதே மூன்று படம், அதே நாற்காலி, பின்னால் கண்ணாடியில் கிராப்பு அண்ணனின் முழங்கைகூடத் தெரிந்தது. விலை மட்டும் நாலாயிரம் குறைவு. போய்ப் பாருங்கள், பிடித்தால் அங்கிருந்தே பணம் போடுங்கள், கடையில் இருப்பது என் அண்ணன்தான் என்று சொல்லியிருக்கிறான். நாற்காலியைக் கண்ணால் பார்த்து, தட்டிப் பார்த்து, உட்கார்ந்து பார்த்துப் பணம் போட்டவரை ஏமாளி என்று எப்படிச் சொல்வது?

அண்ணன் அந்த நம்பருக்கு அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் அடித்தார். அதே பதில். திரும்பப் பார்த்தால், செயலியில் அவன் போட்ட விளம்பரமே காணோம்.

இனிமேல்தான் குழப்பம் உண்மையாகத் தொடங்கியது. நாற்காலி வாசற்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது. அண்ணன் தலைப்பக்கத்தைப் பிடித்திருந்தார். அந்தப் பெண் கைப்பிடியை விடவில்லை. ஆட்டோக்காரர் மரியாதையாக ஒதுங்கி நின்று காது குடைந்தார்.

"நான் காசு கொடுத்துட்டேண்ணே. தாலியைத் தவிர எல்லாத்தையும் அடகு வச்ச காசு."

"என் கைக்கு வரலியேம்மா. இதை விட்டா அந்தப் புதுச் சேரும் போயிரும். நான் எதுல உட்கார வச்சு வெட்டுறது?"

"நான் காசு போடும்போது பக்கத்துலதானே நின்னீங்க? அவர் நல்ல மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். யாரை நினைத்துச் சொன்னோம் என்று விளக்கப் போனால் அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. அதோடு அவர் மனதிலும் ஒரு பூச்சி குடைய ஆரம்பித்தது. இந்தப் பெண் டிங் என்று தட்டின நிமிடத்தில்தானே எனக்குப் படம் வந்தது? ஒருவேளை இவரும் அவனும் ஒரே ஆட்கள்தானோ? காட்டிய படம்கூட அப்படித்தானோ? படத்தை நம்பி ஏமாறப் பார்த்தவர் இன்னொரு படத்தை எப்படி நம்புவார்? அப்படி நினைத்ததற்கு அவருக்கே அவமானமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

"சண்டை அப்புறம்" என்றார் வாத்தியார். "பேங்குக்கு உடனே சொன்னா, காசு போன கணக்கை நிறுத்தி வைக்க வழி இருக்கு. அவன் எடுக்கறதுக்குள்ள சொல்லணும். அடிங்கம்மா."

அந்தப் பெண் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே பேங்க் உதவி எண்ணை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். பாட்டுப் போட்டார்கள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றார்கள். ஒரு வழியாக ஒரு பெண் குரல் வந்தது. தொகை, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டது. அண்ணன் தன் போனிலிருந்த நம்பரையும் எடுத்து நீட்டினார். அந்தப் பெண் அதையும் வாசித்தார். அந்த ஒரு நிமிடம் இருவரும் ஒரே பக்கம் இருப்பதுபோல அண்ணனுக்குத் தோன்றியது.

"குறிச்சுக்கிட்டேம்மா. அந்தக் கணக்கை நிறுத்தச் சொல்லி அனுப்பறோம். காசு இருந்தா நிற்கும், எடுத்திருந்தா உறுதி சொல்ல முடியாது. போலீஸ்லயும் புகார் கொடுத்திருங்க." தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ஏமாத்தினவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? நேர்ல பார்த்திருக்கீங்களா?"

அந்தப் பெண் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தார். செருப்பிலிருந்து தோளில் கிடந்த துண்டுவரை பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு நின்றதே தவிர, அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அண்ணன் வாயைத் திறந்தார். நான் இல்லை என்று சொல்வதற்கு அவரிடம் காட்ட என்ன இருந்தது?

"தெரியலங்க" என்றார் அந்தப் பெண். "எதிர்ல நிக்கிறவரா, இல்லையான்னுகூட எனக்குத் தெரியல."

அண்ணன் தலைப்பக்கத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டிருந்தால் தானும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பது அவருக்குத் தெரிந்தது.