பழைய ரேட்டு

திண்டிவனம் கோதண்டபாணி போனில் அனுப்பியிருந்த ஆர்டரை, கணக்குப் பார்க்கும் ரோஜா அம்சவள்ளிக்குப் படித்துக் காட்டினாள். தையில் எடுத்த அதே தாம்பூலப் பைதான். ஆனால் அப்போது பெரியது இரண்டாயிரம், சின்னது ஐந்நூறு. ஆவணி முகூர்த்தத்துக்கு அதைத் தலைகீழாகக் கேட்டிருந்தார். ரேட்டு மட்டும் பழையதே வேண்டுமாம்.

"கட்டாதுக்கா. பெரிய பை வெட்டுன மிச்சத் துணியில தச்சதாலதான் சின்னத அந்த வெலைக்குக் குடுத்தோம். இப்ப முழுத் துணியில இல்ல வெட்டணும்?"

"பழைய ரேட்டு பழைய கணக்குக்குத்தான்னு போடு," என்றாள் அம்சவள்ளி.

விழுப்புரத்தில் இந்தத் தையல் கூடத்தை நடத்துவது அவள்தான் என்று கோதண்டபாணிக்குத் தெரியாது. ஒரு காலத்தில் அவருடைய ஃபேன்ஸி ஸ்டோரில் வேலை பார்த்தவள். வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்றைக் காணோம் என்று, வாடிக்கையாளர்கள் பார்க்க அவள் கைப்பையைக் கல்லாமேசையில் கொட்டி, திருடி என்று சொல்லி வெளியே தள்ளியவர் அவர். சிமிழ் மறுநாளே அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அவர் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கூட வேலை செய்தவள் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் அவரே பஸ் பிடித்து வந்துவிட்டார். உள்ளே நுழைந்தவர் அவளைப் பார்த்து நின்றார்.

"அம்சவள்ளியா நீ... நீங்களா?"

"நான்தான். உக்காருங்க."

"கல்யாணப் பார்ட்டிங்ககிட்ட பழைய வெலையச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டேம்மா. வேற எடத்துல இந்த டிசைன் கெடைக்கல. ரொம்ப பேஜாரா இருக்குது. இந்த ஒருவாட்டி பாத்துப் போடுங்க."

அவர் கெஞ்சி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அந்தக் குரல் இறங்குவதைக் கேட்க எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருந்தாள்!

"எனக்கு நஷ்டந்தான். இருந்தாலும் போடறேன். ஆனா ஒண்ணு, ஒங்க கடைக்கு வர்றேன். கூட்டம் இருக்கறப்போ, நான் திருடலன்னு சொல்லுங்க."

அவர் முகம் கறுத்தது. "அதுக்கென்ன, இங்கியே சொல்றேனே."

"இங்க யாரும் என்னத் திருடின்னு சொல்லலியே."

பத்துத் தையல் மிஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"கடையில எனக்குன்னு ஒரு மரியாத இருக்குதும்மா," என்றார் கடைசியில்.

"எனக்கும் இருந்துச்சு. ரோஜா, புது ரேட்டுல பில்லு போடு. பாதிப் பணம் முன்னாடியே வாங்கிடு."

அவர் பணத்தைக் கட்டிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். இனி ஒவ்வொரு பையை எடுத்துக் கொடுக்கும்போதும் அவர் கைக்காசு போகும். நினைக்க நினைக்க அம்சவள்ளிக்கு உள்ளுக்குள் இனித்தது. வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு நிறைந்திருக்காது.

"சுமாராத் தச்சுத் தள்ளிடலாமாக்கா?" என்று ரோஜா கண்ணடித்தாள்.

"வேணாம். ரெட்டத் தையலாவே போடு. அந்த ஆளு ஒரு கொற சொல்ல எடம் குடுக்கக் கூடாது."